ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு நாற்காலி

பேச்சே இல்லாத படம் எந்த நாட்டானுக்கும் புரியும் என்பது நம்மிடையே நெடுநாளாக உலவிவரும் ஒரு நம்பிக்கை. சாப்ளின் பெயரைச் சொன்னால் போதும், வாதம் முடிந்துவிடும். நானும் அப்படி முடித்துக்கொண்டிருந்தவன்தான். சென்ற கோடையில் தென்னேரியில் ஒரு வீட்டுச் சுவரில் வேட்டி ஒன்றைக் கட்டி, நார்மன் மக்லாரனின் இரண்டு குறும்படங்களைச் சுமார் நாற்பது பேருக்குக் காட்டினோம். அதன் பிறகு அந்த நம்பிக்கையை அப்படியே வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. ஒரு படம் புரிந்ததிலும் இன்னொன்று புரியாமல் போனதிலும் ஒரு ஒழுங்கு இருந்தது. அந்த ஒழுங்கைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

மக்லாரன் 1914இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். 1941இல் கனடா சென்று அங்குள்ள தேசியத் திரைப்பட வாரியத்தில் சேர்ந்தார். ஆங்கிலம், பிரெஞ்சு என்று இரண்டு மொழிகளாகப் பிரிந்து கிடக்கும் தேசம் அது. அரசாங்கம் எடுக்கும் படம் எதுவும் இரண்டு பக்கத்துக்கும் போய்ச் சேர வேண்டும். வசனம் இல்லாத படத்துக்கு இரண்டாவது பிரதி தேவையில்லை. பேச்சைத் தவிர்ப்பதில் ஓர் அழகியல் இருந்தது உண்மை. கூடவே ஒரு அலுவலகச் சௌகரியமும் இருந்தது. நம் விமர்சகர்கள் முன்னதை மட்டும் சொல்வார்கள்.

1949இல் யுனெஸ்கோ அவரைச் சீனாவுக்கு அனுப்பியது. மேற்குச் சீனத்தின் ஸெச்சுவான் பகுதியில், பெய்பெய் என்ற ஊரில், எழுத்தறிவில்லாத கிராமத்தாருக்குச் சுகாதாரம் சொல்லித்தரும் படங்களையும் சுவரொட்டிகளையும் தயாரிக்க உள்ளூர் ஓவியர்களைப் பயிற்றுவிப்பது அவர் வேலை. அவர் அங்கு இருக்கும்போதே ஆட்சி மாறியது. செஞ்சேனை வந்தது. அவர் நாடு திரும்பிய பிறகு கொரியாவில் யுத்தம் மூண்டது. நேற்றுவரை தன்னோடு உட்கார்ந்து படம் வரைந்தவர்கள் இன்று எதிரிகள் என்று செய்தி சொன்னது. இந்த மனநிலையில் பிறந்ததுதான் 1952இல் வெளிவந்த எட்டு நிமிடப் படமான 'அண்டை வீட்டார்'. பின்னர் ஐம்பதுகளில் யுனெஸ்கோ வேலையாக அவர் இந்தியாவுக்கும் வந்தார். 1957இல் க்ளோத் ழூத்ராவுடன் சேர்ந்து 'நாற்காலிக் கதை' எடுத்தார். அதற்கு ரவிசங்கர் சிதார் வாசித்தார். சதுர் லால் தபலா வாசித்தார். நான் தென்னேரிக்குக் கொண்டுபோனவை இந்த இரண்டு படங்கள். கனடிய வாரியமே இவற்றை இணையத்தில் எவரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது.

முதலில் 'அண்டை வீட்டார்'. இரண்டு ஆட்கள், இரண்டு அட்டை வீடுகள், நடுவே புல்தரை. எல்லையில் ஒரு பூ முளைக்கிறது. இருவரும் முகர்ந்து மயங்குகிறார்கள். பூ யாருடையது என்ற சச்சரவு எழுகிறது. வேலி போடுகிறார்கள். வேலிக் கட்டைகளையே பிடுங்கி வாள்சண்டை போடுகிறார்கள். ஒருவர் வீட்டை ஒருவர் இடித்து, பெண்டு பிள்ளைகளைக் கொன்று, கடைசியில் தாங்களும் சாகிறார்கள்.

இது கார்ட்டூன் இல்லை. உயிருள்ள நடிகர்களைப் பொம்மைகளைப் போல நடத்தி எடுத்த அசைவூட்டப் படம். நடிகர் ஒரு நிலையில் நிற்பார். ஒரு பிரேம் எடுப்பார்கள். அவர் சிறிது நகர்வார், அடுத்த பிரேம். பூவை முகர்ந்த மயக்கத்தில் அந்த ஆள் தரையில் கால்படாமல் மிதந்து போகிறாரே, அதற்குக் கம்பியோ கயிறோ இல்லை. நடிகர் குதிக்கிறார். குதியின் உச்சியில் இருக்கும்போது ஒரு பிரேம். சற்று முன்னால் போய் மறுபடி குதிக்கிறார்; மறுபடி ஒரு பிரேம். திரையில் ஒரு வினாடிக்கு 24 பிரேம். ஒரு குதிக்கு ஒரு பிரேம் என்று எடுத்தால், பத்து வினாடி மிதப்பதற்கு 240 முறை குதிக்க வேண்டும். அந்தக் களைப்பு முகத்தில் தெரிந்தால் மயக்கம் கெட்டுப்போகும். இந்தப் படத்தில் கெடவில்லை. உடம்பு ஒரு அவஸ்தையைச் சொல்ல, முகம் இன்னொரு அவஸ்தையைச் சொல்லாமல் பார்த்துக்கொள்வதே பேச்சற்ற படத்தின் முதல் கஷ்டம். பேசும் படத்தில் வசனம் இந்த முரணை மூடிவிடும். இங்கே மூட எதுவும் இல்லை.

தென்னேரியில் இந்தப் படம் ஓடத் தொடங்கியதும் வேலித் தகராறு வரை ஒரு குழப்பமும் இல்லை. பெரிய ஏரி உள்ள ஊர். வரப்பும் மடையும் எப்படிச் சண்டையாகும் என்று இவர்களுக்கு ஒரு ஸ்காட்லாந்துக்காரன் சொல்லித்தர வேண்டியதில்லை. எல்லைக்கோடு கிழிக்கப்பட்டதுமே பின்வரிசையில் ஒருவர் தம் பங்காளியின் பெயரைச் சொன்னார், எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் மூன்று இடங்களில் படம் தடுக்கி விழுந்தது.

முதல் இடம் ஆரம்பத்திலேயே வருகிறது. இருவரும் நாற்காலியில் சாய்ந்து பத்திரிகை படிக்கிறார்கள். பத்திரிகைகளின் தலைப்பு வரி முழுதாகத் தெரிகிறது. போர் இல்லையென்றால் சமாதானம் நிச்சயம் என்று ஒன்றும், சமாதானம் இல்லையென்றால் போர் நிச்சயம் என்று மற்றதும் ஆங்கிலத்தில் சொல்கின்றன. படத்தின் முழு எள்ளலும் அந்த இரண்டு வரிகளில் இருக்கிறது. வசனத்தை வாசல் வழியே வெளியேற்றிவிட்டு, ஜன்னல் வழியே எழுத்தை உள்ளே விட்டிருக்கிறார் மக்லாரன். பெய்பெய் கிராமத்தானுக்கு எழுத்து உதவாது என்று நேரில் கண்டவர் இதைச் செய்தது எனக்கு ஆச்சரியம். முடிவிலும் இதே கதைதான். அண்டை வீட்டானை நேசி என்ற வாக்கியம் பல மொழிகளில் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் வருகிறது. பல மொழிகளில் எழுத வேண்டியிருந்தது என்பதே, படம் சொல்லி முடித்தது போதுமென்று அதை எடுத்தவருக்கே தோன்றவில்லை என்பதற்கு அத்தாட்சி. தென்னேரியில் அந்த எழுத்துகள் ஓடும்போது ஜனங்கள் எழுந்து பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது இடம் சாவு. வேலிக் கட்டைகள் தாமாக நகர்ந்து இரண்டு கல்லறைகளின்மேல் சிலுவைகளாக நிற்கின்றன. முன்வரிசையில் இருந்த ஆயா ஒருத்தி, "ரெண்டு பேரும் வேதக்காரங்களா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. கதையில் அதுவரை மதமே இல்லை. இறந்தவர்கள் மனிதர்கள் என்பதைச் சொல்வதற்காக வைத்த பொருள், இறந்தவர்கள் கிறிஸ்தவர்கள் என்று சொல்லிவிட்டது.

மூன்றாவது இடம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. சண்டை முற்றும்போது இரண்டு ஆட்களின் முகத்திலும் வர்ணக் கோடுகள் ஏறுகின்றன. நாகரிகம் கழன்று மனிதன் காட்டுமிராண்டியாகிறான் என்பது மக்லாரனின் உத்தேசம். காஞ்சிபுரத்தைச் சுற்றிய ஊர்களில் விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். இவர்களுக்கு வர்ணம் பூசிய முகம் என்றால் வேஷம் கட்டிய முகம், வீரனின் முகம். அது ஏறியதும் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. இழிவைக் காட்ட வைத்த அடையாளம் இங்கே மதிப்பைக் கூட்டியது. படம் புரியாமல் போயிருந்தால்கூட இத்தனை சேதமில்லை. நேர் எதிராகப் புரிந்தது.

வெளிநாட்டிலேயே இந்தப் படத்துக்கு இப்படி ஒன்று நேர்ந்திருக்கிறது. பெண்டு பிள்ளைகளைக் கொல்லும் பகுதி அமெரிக்க, ஐரோப்பியப் பார்வையாளர்களுக்குச் சகிக்காது என்று வெட்டச் சொன்னார்கள், வெட்டினார். வியட்நாம் யுத்த காலத்தில் அபிப்பிராயம் மாறி, அதையே திரும்பச் சேர்க்கச் சொன்னார்கள். அதற்குள் மூல நெகடிவ் அழிந்துபோயிருந்தது. ஒரு பிரதியிலிருந்து எடுத்து ஒட்டினார்கள். உடல்மொழி எல்லா எல்லையையும் தாண்டும் என்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரே சைகை ஒரே நாட்டில் சில வருஷ இடைவெளியில் இரண்டு அர்த்தமாகியிருக்கிறது.

ஐந்து வருஷம் கழித்து வந்த 'நாற்காலிக் கதை' இந்தத் தவறுகளைத் தெரிந்து திருத்தியது போல இருக்கிறது. திரையில் கறுப்புப் பின்னணி. வீடில்லை, புல்லில்லை, பூவில்லை. ஒரு ஆள், கையில் ஒரு புத்தகம், சாதாரணச் சமையலறை நாற்காலி ஒன்று. ஆளாக நடித்தவர் ழூத்ராவே. நாற்காலியை இயக்கியவர் ஈவ்லின் லம்பார்ட். சுமார் பத்து நிமிடம் ஓடும் படம். ஆள் படித்துக்கொண்டே வந்து உட்காரப் போகிறான். நாற்காலி விலகுகிறது. மறுபடி போகிறான், மறுபடி விலகுகிறது. துரத்துகிறான், மல்லுக்கட்டுகிறான், தோற்று, சீ போ என்று தரையில் உட்கார்ந்து படிக்க ஆரம்பிக்கிறான். இப்போது நாற்காலியே அவனிடம் வருகிறது. அவன் அதைப் பலவாறு சமாதானம் செய்து பார்க்கிறான். எதுவும் அதற்குப் போதவில்லை. கடைசியில் அவனுக்கு உறைக்கிறது: நாற்காலி தன்மேல் உட்கார ஆசைப்படுகிறது. குனிந்து இடம் கொடுக்கிறான். நாற்காலி அவன்மேல் உட்காருகிறது. அதன் பிறகு அவனை உட்கார விடுகிறது.

நாற்காலியை நடிக்க வைத்த விதத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மெல்லிய நூல்களைக் கட்டி இழுத்தார்கள். சில இடங்களில் பிரேம் பிரேமாக நகர்த்தினார்கள். கேமராவின் வேகத்தையும் மாற்றிக்கொண்டார்கள். கறுப்புப் பின்னணி அழகுக்காக மட்டும் வந்ததில்லை. இழுக்கும் நூலை அது விழுங்கிவிடுகிறது. நூல் ஒருமுறை வெளிச்சத்தில் மின்னினால் நாற்காலி செத்துவிடும், இழுப்பவர்தான் மிஞ்சுவார். வேகத்தின் கணக்கும் எளிது. வினாடிக்கு 24 பிரேமுக்குப் பதில் 12 பிரேம் எடுத்துவிட்டு 24இல் ஓட்டினால், எல்லா அசைவும் இரட்டை வேகமாகும். அப்போது நடிகர் தம் அசைவைப் பாதியாகக் குறைத்து நடித்தால் அவர் மட்டும் இயல்பாகத் தெரிவார். நூலில் இயங்கும் நாற்காலி துறுதுறுவென்று ஓடும். மனிதனுக்கும் பொருளுக்கும் இரண்டு வெவ்வேறு காலங்கள் ஒரே பிரேமுக்குள் கிடைத்துவிடுகின்றன. நாற்காலிக்கு ஒரு சுபாவம் இருப்பதாக நமக்குத் தோன்றுவதில் இந்தக் கணக்குக்கும் பங்குண்டு.

இன்னொரு பங்கு, அதற்கு முகம் வரையாமல் விட்டது. நாற்காலிக்கு ஒரு முன்பக்கம் உண்டு, முதுகு உண்டு, நாலு கால் உண்டு. முன்பக்கம் திரும்பினால் பார்க்கிறது. முதுகு சாய்ந்தால் தயங்குகிறது. திரும்புவதற்கும் ஓடுவதற்கும் நடுவே ஒரு நிறுத்தம் இருந்தால் யோசிக்கிறது. அந்த நிறுத்தம் இல்லாவிட்டால் அது வெறுமே இழுபடும் மரம். அசைவைக் காட்டிலும் நிறுத்தமே அர்த்தம் தருகிறது என்பது இதை இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் தெரிந்தது.

இதைவிட முக்கியமான காரியம் ஒன்றைப் படம் முதல் நிமிஷத்திலேயே செய்துவிடுகிறது. நாற்காலி என்றால் என்ன என்று அதுவே சொல்லித்தந்துவிடுகிறது. ஒரு உடம்பு தன்னை இறக்கிவைக்கப் போகிறது; அதைத் தாங்கவேண்டியது விலகுகிறது. நாற்காலியையே பார்த்திராத ஒருவனுக்கும் இது எட்டும். முதுகெலும்புள்ள எவனும் உட்கார்ந்திருக்கிறான். சிலுவைக்கும் பத்திரிகைக்கும் அர்த்தம் படத்துக்கு வெளியிலிருந்து வந்தது. அங்கே யார் எந்த மதம், எந்த மொழி என்று கேட்க வேண்டியதாயிற்று. நாற்காலிக்கு அர்த்தம் படத்துக்குள்ளேயே, நம் கண்ணெதிரே உண்டாகிறது. பேச்சற்ற படம் எல்லை தாண்டுவதும் தாண்டாததும் இங்கேதான் தீர்மானமாகிறது என்று நினைக்கிறேன். கைப்பொருள் ஒவ்வொன்றையும் எடுத்து, இதன் அர்த்தத்தை இந்தப் படம் செய்ததா, எங்கிருந்தாவது வாங்கியதா என்று கேட்டால் போதும். வாங்கியது எதுவும் கடன்தான். கொடுத்தவன் இல்லாத ஊரில் அது செல்லாது.

எழுத்து இதிலும் முழுதாகப் போய்விடவில்லை. ஆங்கிலத் தலைப்பு தேவதைக் கதை என்ற சொல்லைத் திருகி வைத்த சிலேடை. பிரெஞ்சுத் தலைப்பு, அந்த மொழியில் கதை தொடங்கும் வாய்ப்பாட்டைத் திருகி வைத்த வேறொரு சிலேடை. ஒரே படத்துக்கு இரண்டு பெயர். ஒன்றை மற்றதாகப் பெயர்க்க முடியாது. ஆனால் தலைப்பை வெட்டி எறிந்தாலும் இந்தப் படத்துக்கு ஒன்றும் குறையாது. தமிழில் சொல்வதானால், ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு நாற்காலி என்று தொடங்கலாம். தென்னேரியில் நான் அப்படித்தான் சொல்லி ஓட்டினேன். பிள்ளைகள் "ம்" கொட்டினார்கள்.

இசையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் கேட்டதால் படத்தை இரண்டாம் தடவை ஓட்டினோம். அப்போது வேண்டுமென்றே ஒலியை நிறுத்தினேன். துரத்தல் புரிந்தது. நாற்காலி கோபித்துக்கொள்வதும் திரும்பிவந்து கெஞ்சுவதும் மங்கிவிட்டன. "இப்ப ஏன் சும்மா நிக்குது?" என்றான் ஒரு பையன். முதல் தடவை அதே இடத்தில் அவன் வாய்பொத்திச் சிரித்தவன். அந்த ஊரில் கூத்துக்கு மிருதங்கம் வாசித்த பெரியவர் ஒருவர் இருந்தார். "அந்தக் கொட்டுதான் தம்பி பேசுது. மரம் எங்க பேசுது?" என்றார். நமக்கு இது தெரிந்த விஷயம்தான். தபலாவும் மிருதங்கமும் கையால் கற்குமுன் வாயால் கற்பவை. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சொல் உண்டு. சொற்கட்டு என்றே பெயர் வைத்திருக்கிறோம். வசனத்தை நீக்கிய படத்துக்குச் சதுர் லால் கொடுத்தது ஒரு பாஷை. மான்ட்ரியலில் அது கீழ்நாட்டு விநோத ஓசையாகக் கேட்டிருக்கலாம். தென்னேரியில் அது கூத்து மேடையின் கட்டியங்காரனைப் போலக் குறுக்கே நின்று பேசியது. அதனால் இந்தப் படத்தையும் முற்றிலும் பேச்சற்றது என்று சொல்ல எனக்குத் தயக்கம். அதன் பேச்சு நம் பக்கத்துப் பேச்சு. இதனால் நமக்குக் கொஞ்சம் லாபம், அவ்வளவுதான்.

கடைசியாக, நாற்காலியின் அர்த்தம். அது உடம்பு அறிந்த பொருள் என்று மேலே சொன்னேன். பாதி உண்மைதான். கூத்தில் ஒரு பெஞ்சைப் போட்டு அதில் ராஜாவை உட்காரவைக்கிறோம். பெஞ்சு சிம்மாசனமாகிறது, ஏனென்றால் மற்றவர்கள் நிற்கிறார்கள். யார் உட்காரலாம், யார் எதிரே நிற்க வேண்டும் என்பதை நம் கிராமங்கள் பல நூற்றாண்டுகளாகச் சொல் இல்லாமலே, சைகையாலும் பொருளாலும் மட்டும் சொல்லிவந்திருக்கின்றன. பேச்சற்ற நாடகத்தில் நமக்குப் பயிற்சி போதாது என்று யாரும் சொல்ல முடியாது.

படத்தின் முடிவில் மனிதன் குனிந்து நாற்காலியைத் தன்மேல் ஏற்றிக்கொண்டபோது மேல்நாட்டு விமர்சகன் அதில் சமரசத்தைப் பார்ப்பான், தாம்பத்தியத்தைப் பார்ப்பான், பனிப்போரைக்கூடப் பார்ப்பான். தென்னேரியில் அந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. காலனித் தெருவிலிருந்து வந்து ஓரமாகக் குந்தியிருந்த தாத்தா ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "அதுக்கும் மானம் இருக்குது பாரு." மக்லாரனும் ழூத்ராவும் இதை உத்தேசித்தார்களா என்பது வீண் கேள்வி. அவர்கள் அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். காலியான இடத்தில் அவர் தம்முடையதைக் கொண்டுவந்து வைத்தார். சிலுவை நின்ற இடத்தில் வைக்க அவருக்கு இடமிருந்திருக்காது.

எல்லா நாட்டுக்கும் புரியும் படம் என்றால் எல்லாரும் ஒன்றையே புரிந்துகொள்ளும் படம் என்று இதுவரை எண்ணியிருந்தேன். இப்போது அப்படி எண்ணவில்லை. நாற்காலிக்கும் ஆளுக்கும் என்ன தகராறு என்பது எல்லாருக்கும் ஒன்றாகவே புரிகிறது. அது எதைப் பற்றிய தகராறு என்பது ஊருக்கு ஊர் வேறாகிறது. முதலாவதை எடுப்பவர் அணுவணுவாகச் செய்து தர வேண்டும். அதில் பிசகினால் படம் இல்லை. இரண்டாவதில் அவர் கை வைக்காமல் இருக்க வேண்டும். 'அண்டை வீட்டா'ரில் கை வைத்தார். 'நாற்காலிக் கத'யில் வைக்கவில்லை.

அடுத்த வாரம் அந்தத் தாத்தா முதியோர் பென்ஷன் பணம் எடுக்க எங்கள் கிளைக்கு வந்தார். கணினி தகராறு செய்துகொண்டிருந்தது. என் மேஜைக்கு எதிரே வாடிக்கையாளருக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கிறோம். "உக்காருங்க தாத்தா, நேரமாவும்" என்றேன்.

"இருக்கட்டும் சார். நின்னுக்கறேன்."

படத்தை அன்று கூட்டத்தில் அவரைவிட நன்றாகப் புரிந்துகொண்டவர் இல்லை. இருபது நிமிஷம் அவர் நின்றார். நான் உட்கார்ந்திருந்தேன்.